0.5 பெரியதா, 0.35 பெரியதா: நடத்தையியலும் அறிவுக் கட்டமைப்பும் ஒரு கணக்குப் பாடத்தில்

கேள்வி: நாகர்கோவிலில் பி.எட். முதலாண்டு படிக்கிறேன். நடத்தையியலையும் அறிவுக் கட்டமைப்புக் கோட்பாட்டையும் வகுப்பறைக் கற்பித்தலில் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். கையில் இருக்கும் குறிப்புகளில் "ஆசிரியர் மையம், மாணவர் மையம்" என்று இரண்டு பத்தி அட்டவணைதான் இருக்கிறது. உண்மையான ஒரு பாடத்தில் இந்த வேறுபாடு எங்கே தெரியும்? எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

பதில்:

மாணவர் ஒருவர் தவறான விடை சொல்லும்போதுதான் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. நடத்தையியலை நம்பும் ஆசிரியருக்கு அந்த விடை, இன்னும் நிலைபெறாத ஒரு துலங்கல், அதாவது தூண்டலுக்கு வரும் எதிர்வினை. அதைத் திருத்திச் சரியான துலங்கலை வலுவூட்ட வேண்டும் என்பது அவர் முடிவு. அறிவுக் கட்டமைப்புக் கோட்பாட்டை நம்பும் ஆசிரியருக்கு அதே விடை, அந்தக் குழந்தை தனக்குத் தானே அமைத்துக்கொண்ட ஒரு விதியின் வெளிப்பாடு. அந்த விதி எது என்று கண்டுபிடிக்காமல் திருத்தத் தொடங்கக் கூடாது என்பது அவர் முடிவு. உங்கள் கட்டுரையை இந்த ஒரு புள்ளியைச் சுற்றி அமைத்தால், அட்டவணையில் உள்ள பத்து வேறுபாடுகளில் பெரும்பாலானவை தாமாகவே அதிலிருந்து விளங்கிவிடும். இதற்கு நான் தேர்ந்தெடுக்கும் பாடம் தசம எண்களை ஒப்பிடுதல். பயிற்சி ஆசிரியர்களின் வகுப்புகளைப் பல ஆண்டுகள் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தவன் என்ற முறையில், இரண்டு கோட்பாடுகளின் பலமும் பலவீனமும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் வேறொரு பாடத்தை நான் கண்டதில்லை.

முதலில் நடத்தையியலை அதற்குரிய மதிப்போடு புரிந்துகொள்ள வேண்டும். அதைப் பிரம்போடும் மனப்பாடத்தோடும் சேர்த்துப் பேசுவது மாணவர் கட்டுரைகளில் வழக்கமாகக் காணப்படும் பிழை. மனதுக்குள் நடப்பதை நேரில் பார்க்க முடியாது, ஆகவே உளவியல் பார்க்கக்கூடிய நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று அமெரிக்காவின் ஜான் வாட்சன் 1913இல் எழுதினார். அதற்கு முன்பே, 1898இல், எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து நடத்திய சோதனைகளிலிருந்து, நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழ்கிறது என்ற விளைவு விதிக்கு வந்து சேர்ந்திருந்தார். இவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பி. எஃப். ஸ்கின்னர். அவர் 1953இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றபோது இரண்டு குறைகளைக் கண்டார். மாணவர்கள் கணக்கைப் போட்டு முடித்த பிறகும், தங்கள் விடை சரியா தவறா என்பது அவர்களுக்கு உடனே தெரியவில்லை. விரைவாக முடித்தவரும் தடுமாறியவரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டியிருந்தது. இந்த இரண்டு குறைகளையும் நீக்கத்தான் அவர் கற்பிக்கும் பொறியை உருவாக்கினார். அதன் அடிப்படை எளிது: பாடத்தை மிகச் சிறிய படிகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு படியிலும் மாணவரையே ஒரு விடை எழுத வைப்பது, விடை சரியா என்பதை அக்கணமே காட்டுவது, அவரவர் வேகத்தில் முன்னேற விடுவது. குழந்தையைத் தண்டிப்பதை ஸ்கின்னர் கடுமையாக எதிர்த்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள். எதிர்மறை வலுவூட்டல் என்பதும் தண்டனை என்பதும் ஒன்றல்ல. ஒரு மாணவர் வகுப்பிலேயே எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டால் அவருக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்று சொல்வது எதிர்மறை வலுவூட்டல். விருப்பமில்லாத ஒன்று நீங்குவதால் நல்ல நடத்தை கூடுகிறது. முட்டிபோட வைப்பது தண்டனை. தேர்வுத் தாள்களில் இந்த இரண்டையும் குழப்பி மதிப்பெண் இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இப்போது 0.5, 0.35 என்ற இரண்டில் பெரியது எது என்பதை இந்த முறையில் எப்படிக் கற்பிப்பார்கள் என்று பார்ப்போம். முதல் படியில், இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் உள்ளன என்று எண்ணச் சொல்வார்கள். அடுத்த படியில், குறைவாக உள்ள எண்ணின் வலப்புறம் பூஜ்யம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கச் சொல்வார்கள்; 0.5 என்பது 0.50 ஆகிறது. அதற்கடுத்த படியில், புள்ளியை மறந்துவிட்டு 50, 35 என்ற இரண்டையும் ஒப்பிடச் சொல்வார்கள். ஒவ்வொரு படிக்கும் ஐந்தாறு கணக்குகள்; ஒவ்வொன்றுக்கும் உடனடிப் பாராட்டு அல்லது திருத்தம். நன்றாக நடத்தப்பட்டால், 40 நிமிட வகுப்பு ஒன்றிலேயே பெரும்பாலான குழந்தைகள் சரியான விடைகளை எழுதத் தொடங்கிவிடுவார்கள். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இவ்வளவு விரைவாக, இவ்வளவு சீராகப் பலன் தரும் முறைகள் அதிகம் இல்லை.

ஆனால் அந்தச் சரியான விடைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வியை நடத்தையியல் கேட்பதில்லை. தன் கொள்கைப்படி அது கேட்கவும் முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன தெரியவரும் என்பதைக் கணிதக் கல்வியில் மிகவும் அறியப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது. ஸ்டான்லி எர்ல்வேங்கர் என்ற ஆய்வாளர் 1973இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை, அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் படித்த 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றியது. கட்டுரையில் அவன் பெயர் பென்னி. அவன் படித்தது, நடத்தையியல் அடிப்படையில் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்ட தனியாள் கற்றல் திட்டத்தில். தாள்களைத் தானே செய்ய வேண்டும்; விடைகள் விடைப் பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்தப்படும்; 80 விழுக்காடு சரியாக இருந்தால் அடுத்த நிலைக்குச் செல்லலாம். அந்தத் திட்டத்தில் பென்னி நன்றாகவே முன்னேறிக்கொண்டிருந்தான். எர்ல்வேங்கர் அவனோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்தது வெளிவந்தது. பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக்கச் சொன்னால் அவன் 1.2 என்றான். பத்தில் ஐந்து என்பது 1.5 என்றான். தொகுதியையும் பகுதியையும் கூட்டி, 2 + 10 = 12, பிறகு ஒரு புள்ளியை இடையில் வைத்துவிட வேண்டும் என்பது அவன் விதி. 0.3, 0.4 இரண்டையும் கூட்டினால் 0.07 என்றான், இரு எண்களிலும் புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் இருப்பதால் விடையில் ஈரிலக்கம் வர வேண்டுமாம். பெருக்கலுக்குரிய விதியைக் கூட்டலில் வைத்திருக்கிறான் என்பது உங்களுக்கு உடனே தெரியும்.

இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், குறிப்புகளில் வழக்கமாக எழுதப்படுவதிலிருந்து வேறுபட்டது. பென்னிக்கு யாரும் அறிவுக் கட்டமைப்பு முறையில் கற்பிக்கவில்லை. ஆயினும் அவன் அறிவைக் கட்டமைத்துக்கொண்டான். அவனுடைய விதிகள் தற்செயலானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் காரணம் இருந்தது, ஒவ்வொன்றையும் தவறாமல் பின்பற்றினான். அறிவுக் கட்டமைப்பு, அதாவது கன்ஸ்ட்ரக்டிவிசம், என்று நாம் சொல்வது, குழந்தை எவ்வாறு கற்கிறது என்பது பற்றிய ஒரு கோட்பாடு. ஆசிரியர் விரிவுரை நிகழ்த்தினாலும், பயிற்சித்தாள் கொடுத்தாலும், குழுவாக உட்கார வைத்தாலும் குழந்தை தன்னிடம் ஏற்கனவே இருப்பதைக் கொண்டு புதியதைப் பொருள்படுத்திக்கொண்டேதான் இருக்கும். ஆகவே "நடத்தையியல் என்றால் விரிவுரை, அறிவுக் கட்டமைப்பு என்றால் செயல்பாடு" என்று எழுதுவது கோட்பாட்டையும் கற்பித்தல் முறையையும் ஒன்றாக்கிவிடுகிறது. உங்கள் கட்டுரையில் இந்தப் பிரிவினையை ஒரு பத்தியில் தெளிவாக எழுதினாலே, படிப்பவருக்கு நீங்கள் புரிந்துகொண்டு எழுதுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

சரி, நம் கணக்குக்குத் திரும்புவோம். தசம எண்களை ஒப்பிடும்போது குழந்தைகள் செய்யும் தவறுகளைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள், அவற்றில் இரண்டு விதிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. முதலாவது, நீளமான எண்ணே பெரியது என்பது. 35 என்பது 5ஐ விடப் பெரியது, எனவே 0.35 என்பது 0.5ஐ விடப் பெரியது. முழு எண்களில் இத்தனை ஆண்டுகளாகச் சரியாக வேலை செய்த அறிவை அந்தக் குழந்தை புள்ளிக்கு அப்பாலும் நீட்டுகிறது. இரண்டாவது, குட்டையான எண்ணே பெரியது என்பது. நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சிறியது என்று கற்ற குழந்தை, நூறில் பங்குகளாக எழுதப்பட்ட எந்த எண்ணும் பத்தில் பங்குகளாக எழுதப்பட்ட எந்த எண்ணையும் விடச் சிறியது என்று முடிவு செய்துகொள்கிறது. அதற்கு 0.3 என்பது 0.45ஐ விடப் பெரியது. இங்கே கவனியுங்கள்: இந்த இரண்டாவது குழந்தையிடம் 0.5, 0.35 என்ற கணக்கைக் கொடுத்தால் 0.5 பெரியது என்று சரியாகச் சொல்லிவிடும். விடை சரி, விதி தவறு.

இது தேர்வில் என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து இணைகள் கொண்ட ஒரு சிறுதேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இணைகளில் இரு எண்களுக்கும் இலக்கங்கள் சமம், 0.3, 0.7 என்பதைப் போல. நான்கு இணைகளில் நீளமான எண்ணே உண்மையில் பெரியது, 0.4, 0.62 என்பதைப் போல. இரண்டு இணைகளில் மட்டும் குட்டையானது பெரியது, 0.8, 0.75 என்பதைப் போல. நீளமானதே பெரியது என்று நம்பும் குழந்தை இந்தத் தேர்வில் முதல் எட்டையும் சரியாக எழுதி, பத்துக்கு எட்டு வாங்கும். 80 விழுக்காடு என்ற தேர்ச்சி வரம்பை அது எட்டிவிட்டது. அடுத்த பாடத்துக்கு அனுப்பலாம். மீதி இரண்டு தவறையும் கவனக்குறைவு என்று ஆசிரியர் எண்ணிக்கொள்வார். குட்டையானதே பெரியது என்று நம்பும் குழந்தையோ அதே தேர்வில் பத்துக்கு ஆறு வாங்கும். தசம இடமதிப்பைப் பற்றி முதல் குழந்தையை விட இது எதையோ கூடுதலாக யோசித்திருக்கிறது என்பது மதிப்பெண்ணில் தெரியவே தெரியாது. இணைகளை வேறு விகிதத்தில் எழுதியிருந்தால் மதிப்பெண்கள் தலைகீழாகியிருக்கும். நடத்தையைக் கொண்டு கற்றலை அளப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: அளக்கப்படும் நடத்தையை எந்தக் கணக்குகள் கொண்டு வரவழைக்கிறோம் என்பதைப் பொறுத்து அளவு மாறுகிறது.

அறிவுக் கட்டமைப்பு நோக்கில் இந்தப் பாடம் எப்படி நடக்கும் என்பதற்கு, தோவாளைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பில் நான் பார்த்த இரண்டு நாள் பாடத்தைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பலருடைய வீடுகளில் பூ கட்டுகிறார்கள். பூச்சந்தையின் மின்னணுத் தராசு அவர்களுக்குப் புதிதல்ல. பயிற்சி ஆசிரியை ஒரு தராசையும் கொஞ்சம் பிச்சிப்பூவையும் கொண்டுவந்திருந்தார். பலகையில் 0.5 கிலோ, 0.35 கிலோ என்று எழுதி, எது அதிகம் என்று முதலில் நோட்டில் எழுதச் சொன்னார். பாதிக்கு மேற்பட்டோர் 0.35 என்று எழுதினார்கள். "முப்பத்தஞ்சுல்லா பெரிசு டீச்சர்" என்று ஒரு பையன் சொன்னான். அவர் திருத்தவில்லை. தராசில் பூவை வைத்து 0.350 காட்டும்வரை நிறுத்தினார், பிறகு 0.500 காட்டும்வரை கூட்டினார். பூ கூடியதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். எல்லோரும் தங்கள் விடையை மாற்றிக்கொண்டார்கள். ஆசிரியைக்கு மகிழ்ச்சி, பாடம் முடிந்தது என்று நினைத்தார்.

நான் மறுநாள் காலை அவரிடம் ஒரே ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னேன்: 0.4, 0.27 இரண்டில் பெரியது எது? முந்தின நாள் திருத்திக்கொண்ட பலர் மீண்டும் 0.27 என்றே எழுதினார்கள். காரணம் தராசிலேயே இருந்தது. தராசு எப்போதும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களைக் காட்டுகிறது. பிள்ளைகள் 0.500 என்பதை ஐந்நூறு கிராம் என்றும் 0.350 என்பதை முந்நூற்றைம்பது கிராம் என்றும் வாசித்தார்கள். ஐந்நூறு பெரியது என்பதில் அவர்களுக்கு எந்தப் புதிய அறிவும் தேவைப்படவில்லை. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்ன தன்மயமாக்கல் இதுதான். புதிய அனுபவம் பழைய முழு எண் அமைப்புக்குள்ளேயே அப்படியே அடங்கிவிட்டது, அமைப்பு மாறவில்லை. அமைப்பு மாறுவதை அவர் பொருந்துதல் என்றார். பழைய விதி தோற்றுப்போகும் ஒரு தருணம் வராமல் பொருந்துதல் நிகழாது. கையில் பூவும் தராசும் இருந்ததால் மட்டும் அந்தத் தருணம் வந்துவிடவில்லை.

இரண்டாம் நாள் ஆசிரியை கேள்வியை மாற்றினார். பலகையில் 0.5 கிலோ என்று மட்டும் எழுதி, அவ்வளவு பூ வைத்தால் தராசு என்ன காட்டும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னார். மூன்று விதமான விடைகள் வந்தன: 0.005, 0.050, 0.500. மூன்றையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் எழுதியவர் தம் காரணத்தைச் சொல்லட்டும் என்றார். 0.005 என்று எழுதிய சிறுமி, "அஞ்சு இருக்கு, முன்னாடி ரெண்டு பூஜ்யம் போட்டேன்" என்றாள். அவளிடம் அப்போது ஒரு பிடி கூட இல்லாத கொஞ்சம் பூவை வைத்துத் தராசு 0.005 காட்டுவதைக் காட்டினார். அரைக் கிலோ பூ எவ்வளவு இருக்கும் என்பது அந்தச் சிறுமிக்குக் கையறிந்த விஷயம். அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப பூஜ்யம் எந்தப் பக்கம் போடுறோம்ங்கிறதுலதான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். வலப்புறம் பூஜ்யம் சேர்த்தால் மதிப்பு மாறாது, புள்ளிக்கும் இலக்கத்துக்கும் நடுவில் சேர்த்தால் மாறும் என்பதை அவள் ஒரு விதியாகப் பெறவில்லை. தன்னுடைய முந்தைய விதி உடைந்த இடத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஆசிரியை ஒரு மீட்டர் காகிதப் பட்டையைப் பத்துச் சம பாகங்களாகக் கோடிட வைத்து, அதில் ஒரு பாகத்தை மட்டும் மீண்டும் பத்தாகப் பிரிக்கச் செய்தார். 0.35 என்பதைக் குறிக்கச் சொன்னபோது பிள்ளைகள் மூன்று பெரிய பாகங்களைக் கடந்து, நான்காவதில் பாதிவரை சென்றார்கள். ஐந்தாவது கோடு அதற்கு அப்பால் இருப்பது தெரிந்தது. இந்தக் கட்டத்தில் அவர் தாமே நேரடியாக விளக்கினார்: புள்ளிக்குப் பின் முதல் இடம் பத்தில் பங்கு, இரண்டாம் இடம் நூறில் பங்கு; எனவே முதல் இடத்தைத்தான் முதலில் ஒப்பிட வேண்டும். அந்த எண்ணைப் "புள்ளி முப்பத்தைந்து" என்று வாசிக்காமல் "புள்ளி மூன்று ஐந்து" என்று வாசிக்கவும் பழக்கினார். முப்பத்தைந்து என்ற ஒலியே குழந்தையை முழு எண்ணுக்கு இழுத்துச் செல்கிறது என்பதால், இந்த வாசிப்பு சிறிய விஷயமாகத் தோன்றினாலும் நான் அதை வலியுறுத்துவேன். (கிரிக்கெட் இன்னொரு இடைஞ்சல். 4.3 ஓவர் என்பது நான்கு ஓவரும் மூன்று பந்தும். அங்கே புள்ளிக்குப் பின் ஆறு வந்தால் அடுத்த ஓவர். புள்ளி என்பது இரண்டு தனி எண்களைப் பிரிக்கும் கோடு என்ற எண்ணத்தை அது வளர்க்கிறது. ரூபாய், பைசாவும் அப்படித்தான்.)

இந்த ஆசிரியையின் பங்கைக் கவனித்தால் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி எங்கே வருகிறார் என்பது புரியும். குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தன்னை விட அறிந்தவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையில் உள்ள பகுதியையே அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். பட்டையைப் பிரித்துக் கொடுத்ததும், சரியான நேரத்தில் சரியான கேள்வியை வைத்ததும் அந்தப் பகுதியில் கொடுக்கப்பட்ட துணை. கட்டடம் எழும்வரை கொத்தனார் கட்டும் சாரத்தைப் போல, தேவை தீர்ந்ததும் அது அகற்றப்பட வேண்டும். இரண்டாவது வாரத்திலும் பட்டையைப் பார்த்துத்தான் விடை சொல்கிறார்கள் என்றால் சாரம் அகற்றப்படவில்லை என்று பொருள். சாரம் என்ற இந்த உருவகத்தை வைகாட்ஸ்கி கொடுத்ததாக எழுதிவிடாதீர்கள். அவர் 1934இல் மறைந்துவிட்டார். கற்பித்தலில் அந்தச் சொல்லை 1976இல் கொண்டுவந்தவர்கள் உட், புரூனர், ராஸ் ஆகிய மூவர்.

இந்த முறையின் எல்லைகளையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். முதல் எல்லை, கண்டுபிடிக்க முடியாதவை என்று சில உண்டு. புள்ளியை எங்கே வைப்பது, முதல் இடத்துக்குப் பத்தில் பங்கு என்று பெயர் வைப்பது ஆகியவை மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடுகள். எத்தனை நாள் பூவை நிறுத்தாலும் அவற்றை ஒரு குழந்தை தானாகக் கண்டடையாது, சொல்லித்தான் தர வேண்டும். இரண்டாவது எல்லை, செயல்பாட்டின் சுமை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006இல் எழுதிய பரவலாக விவாதிக்கப்பட்ட கட்டுரை, குறைந்த வழிகாட்டுதலோடு மாணவரைத் தானே கண்டறிய விடும் முறைகள் புதிதாகக் கற்பவருக்குப் பயன்படுவதில்லை என்று வாதிட்டது. மனதில் ஒரே நேரத்தில் வைத்துக் கையாளக்கூடிய தகவல் மிகக் குறைவு. தேடுவதிலேயே அந்த இடம் முழுவதும் செலவாகிவிட்டால் கற்பதற்கு மிச்சம் இருக்காது என்பது அவர்கள் காரணம். அவர்களோடு உடன்படாதவர்கள், நல்ல கட்டமைப்பு வகுப்பில் வழிகாட்டுதல் குறைவாக இருப்பதில்லை என்று பதில் சொன்னார்கள். நான் பார்த்த இரண்டு நாட்களை வைத்துச் சொன்னால் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. முதல் நாள் கை வேலை செய்தது, மனம் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் வெற்றி பெற்றதற்குக் காரணம் ஆசிரியை தேர்ந்தெடுத்த கேள்வி. பூவும் தராசும் இரண்டு நாளும் அவையே.

நடத்தையியலின் இடமும் அந்த வகுப்பிலேயே இருந்தது. பொருள் புரிந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு வேகம் தேவைப்பட்டது. ஒவ்வொரு முறையும் காகிதப் பட்டையை மனதில் விரித்துக்கொண்டிருந்தால் பெருக்கலும் வகுத்தலும் வரும்போது தடுமாறுவார்கள். ஆகவே மூன்றாம் நாள் இருபது இணைகளை விரைவாகச் செய்து, விடையை உடனுக்குடன் சரிபார்க்கும் பயிற்சி நடந்தது. ஸ்கின்னர் கேட்டதும் அதுவே. ஒரே ஒரு வேறுபாடு, அந்த இருபதில் நீளமானது பெரியதாக வரும் இணைகளும் குட்டையானது பெரியதாக வரும் இணைகளும் சம எண்ணிக்கையில் கலந்திருந்தன. நம் மாநிலத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொண்டாலும் இதே கலப்பைக் காணலாம். அதைப் பொதுவாகக் கட்டமைப்பு முறை என்றே எழுதுகிறோம். ஆனால் அதன் ஏணியையும் அட்டைகளையும் உற்றுப் பாருங்கள்: சிறு படிகள், அவரவர் வேகம், ஒரு மைல்கல்லை முடித்தால்தான் அடுத்தது. அந்த ஏணியின் அமைப்பில் ஸ்கின்னர் இருக்கிறார். அட்டையில் உள்ள செயல்பாட்டில் பியாஜே இருக்கிறார். கட்டுரையில் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு கேட்டால் இதை நீங்கள் தயக்கமின்றி எழுதலாம். அதோடு, தேசியக் கலைத்திட்ட வரைவு 2005 குழந்தை தன் அறிவைத் தானே கட்டமைக்கிறது என்ற நிலைப்பாட்டை வெளிப்படையாக எடுத்தது என்பதையும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு செயல்பாடு, கண்டறிதல், ஆய்ந்தறிதல் வழியான கற்றலைக் குறிப்பிடுகிறது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அங்கே தங்க வேண்டாம்.

உங்கள் கட்டுரைக்கு நான் கொடுக்கும் கடைசி உதவி ஒரு சோதனைக் கேள்வி. பூஜ்யம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கும் முறையை மட்டும் நன்றாகப் பழகிய ஒரு குழந்தை, 0.5, 0.35 போன்ற எல்லா இணைகளையும் சரியாகச் செய்யும். நடத்தையியலின் அளவுகோலில் கற்றல் நிறைவு பெற்றுவிட்டது. அந்தக் குழந்தையிடம், 0.35க்கும் 0.36க்கும் நடுவில் ஏதாவது எண் உண்டா என்று கேளுங்கள். புள்ளியை மறந்து 35, 36 என்று ஒப்பிடப் பழகியிருந்தால், இல்லை என்று உறுதியாகச் சொல்லும். பட்டையின் ஒரு சிறு பாகத்தை மீண்டும் பத்தாகப் பிரிக்கலாம் என்று நினைக்கும் குழந்தை 0.352 என்றோ 0.357 என்றோ சொல்லும், அல்லது எழுந்து வந்து பட்டையைக் கேட்கும். அடுத்த முறை கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளியில் நான்கைந்து பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்ன காரணங்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். கட்டுரையின் நடுப்பகுதிக்கு அந்தக் காரணங்களே போதும்.